மணலா, களியா, மேடாக்கின மண்ணா? முக்கொம்பு பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடி

(ஒலிவடிவத்திலிருந்து தொகுக்கப்பட்டது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை முக்கொம்பு பூங்காவுல உக்காந்து ரெக்கார்டு பண்றேன். பின்னாடி கேக்கிற இரைச்சல் காவிரி. இங்கதான் ஆறு ரெண்டாப் பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவுல இருக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம்.

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பெங்களூருல வேலை. அப்பா ரிட்டயர் ஆன பணத்துல முக்கொம்பு பக்கம் ஒரு மனை வாங்கியிருக்கார். கீழ ஒரு வீடு, மேல ஒரு மாடி, அவ்வளவுதான் திட்டம். மேஸ்திரி வந்து பாத்துட்டு, "நாலடி தோண்டுனா போதும் தம்பி, பக்கத்து வீடும் அப்படித்தான் நிக்குது"ன்னு சொல்லிட்டாராம். "அண்ணா, இதை நம்பலாமா? சாயில் டெஸ்ட் எடுக்கணுமா? எடுத்தா அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?"ன்னு கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. மேஸ்திரி பொய் சொல்லல. பக்கத்து வீடு நிக்கிறது உண்மைதான். ஆனா அது எத்தனை வருஷமா நிக்குது, அந்த மனை முன்னாடி வயலா இருந்துச்சா வரப்பா இருந்துச்சான்னு அவருக்குத் தெரியாது. ஆத்தங்கரை மண்ணுல முப்பதடி தள்ளிப் போனா அடுக்கு மாறிடும்.

ஆறு போட்ட மண்

முதல்ல இந்த ஊரோட மண்ணைப் புரிஞ்சுக்கலாம். ஆறு வேகமா ஓடும்போது பருமணலைக் கொண்டு வந்து போடும். வேகம் குறைஞ்சா பொடி மணல். தண்ணி தேங்கி நின்னா வண்டலும் களியும். ஆயிரக்கணக்கான வருஷமா ஆறு இடம் மாறி மாறி ஓடியிருக்கு. அதனால இங்க கீழ தோண்டினா மணல், களி, மறுபடி மணல்னு அடுக்கடுக்கா வரும். ஒரு மனையில இருக்கிற களி அடுக்கு அடுத்த மனையில இல்லாமலே போகலாம்.

"மணல் மேல வீடு கட்டாதே"ன்னு பொதுவா ஒரு பேச்சு உண்டு. பொறியியல் கணக்குப்படி அது பாதிதான் சரி. இங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கிழக்கே கல்லணை இருக்கு. ஆழம் காண முடியாத ஆத்து மணல் மேல பெரிய பெரிய கல்லைப் போட்டு, அது இறங்கி நிலைச்ச பிறகு அதுக்கு மேல கட்டினது. 1836-38ல இதே முக்கொம்புல மேலணையைக் கட்டின ஆர்தர் காட்டன், தளர்ந்த மணல்ல அஸ்திவாரம் போடற வித்தையைக் கல்லணை கட்டினவங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டோம்னு எழுதி வச்சிருக்கார்.

மணலுக்கு நல்ல தாங்கு திறன் உண்டு. நகராம இருக்கிற வரைக்கும். நாலு பக்கமும் மண் அணைச்சுப் பிடிச்சிருந்தா மணல் துகள்கள் ஒண்ணை ஒண்ணு இறுக்கிக்கிட்டுச் சுமையைத் தாங்கும். அந்த அணைப்பு போயிட்டா, இல்ல தண்ணி அடியில இருந்து மணலை அரிச்சுட்டா, தாங்க எதுவும் இல்ல. 1928ல கட்டின பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தோட ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல விழுந்தது. அதே மாசம் 22ஆம் தேதி இந்த முக்கொம்புல கொள்ளிடம் பக்கத்து மேலணையில ஒன்பது மதகுகள் போயிடுச்சு. ஆத்துக்குள்ள நிக்கிற கட்டுமானம் வேற, வீடு வேற. ஆனா மணலையும் தண்ணியையும் சேத்துத்தான் பாக்கணும்ங்கிற பாடம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

தோண்டறதுக்கு முன்னாடி விசாரிக்கிறது

மண்வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டு வச்சுக்குங்க.

ஒண்ணு, மனை முன்னாடி என்னவா இருந்துச்சு. பழைய சிட்டாவுல நஞ்சைன்னு இருந்தா நெல் வயல். வருஷக்கணக்கா உழுது, தண்ணி கட்டி, மிதிச்ச சேறு மேலடுக்குல இருக்கும். அந்த அடுக்கு மேல ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது. புஞ்சைன்னு இருந்தா கொஞ்சம் நிம்மதி, ஆனா அதுவே முடிவு ஆகிடாது.

ரெண்டு, மனையை மேடாக்கியிருக்காங்களா. லேஅவுட் போடறவங்க வயலை ரோடு மட்டத்துக்கு உயர்த்த ரெண்டு மூணு அடி கிராவலோ, இடிச்ச கட்டட இடிபாடோ கொட்டியிருப்பாங்க. மேல பாத்தா சமமா, கெட்டியா, செம்மண்ணா அழகா இருக்கும். மேஸ்திரி சொன்ன நாலடியில மூணடி இந்தக் கொட்டின மண்ணாவே இருக்கலாம். நாலடியை நீங்க எங்க இருந்து அளக்கணும்? இயற்கையான பழைய தரையில இருந்து. கொட்டின மண்ணை அந்தக் கணக்குல சேக்கக் கூடாது.

மூணு, தண்ணி. பக்கத்து வீட்டுக் கிணத்துல இப்ப தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு கேக்காதீங்க. ஐப்பசியில எவ்வளவு இருக்கும்னு கேளுங்க. வழக்கமா ஜூன் 12ல மேட்டூர் திறக்கிறாங்க. ஆத்துல தண்ணி வந்து, ஆடிப் பெருக்கு தாண்டி, வடகிழக்குப் பருவமழையும் சேந்தா ஆத்தங்கரைக் கிணறுகள்ல தண்ணி மளமளன்னு ஏறும். சித்திரை வெயில்ல எடுத்த சாயில் டெஸ்ட்டுல "நீர்மட்டம் தென்படவில்லை"ன்னு எழுதியிருக்கலாம். ரிப்போர்ட்டு பொய் இல்ல, அன்னிக்கு நிலைமை அது. வீடு நிக்கப்போறது பன்னண்டு மாசமும்.

குழி வெட்டி கையால பாக்கிறது

இப்ப குழி. மனையோட ரெண்டு எதிர் மூலைகள்ல நாலடிக்கு நாலடி அளவுல ஆளுக்கொரு சோதனைக் குழி வெட்டுங்க. அஸ்திவாரம் எங்க உக்காரும்னு நினைக்கிறீங்களோ அதுக்குக் கீழயும் தெரியணும். ஏழு, எட்டு அடி வேணும். ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். மணல் குழி சொல்லாம சரியும். இடுப்பளவுக்கு மேல ஆழமானா பக்கங்களைச் சாய்வா வெட்டாம, பலகை முட்டுக் கொடுக்காம யாரும் உள்ள இறங்கக் கூடாது. ஜேசிபி வச்சு வெட்டி, மேல நின்னே பாக்கலாம். பக்கெட்டுல வர்ற மண்ணை அடுக்கு வாரியா தனித்தனியாக் குவிச்சு வைக்கச் சொல்லுங்க.

குவியல்ல இருந்து ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி உருட்டிப் பாருங்க. உருண்டையே நிக்காம உதிர்ந்தா மணல். புட்டு மாதிரி பிடிபட்டு, லேசா அழுத்தினா உடைஞ்சா வண்டல். முறுக்கு மாவு மாதிரி மெல்லிசாத் திரிக்க முடிஞ்சா களி. சந்தேகமா இருந்தா ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண், மீதி தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லாக் குலுக்கி வச்சுடுங்க. மணல் ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில உக்காந்துடும். வண்டல் ரெண்டு மணி நேரம் எடுக்கும். களி மறுநாளும் தண்ணியைக் கலங்கலாவே வச்சிருக்கும். மூணும் தனித்தனிக் கோடா பாட்டில்ல தெரியும்.

மண் என்னன்னு தெரிஞ்சுது. எவ்வளவு கெட்டி? இதுக்கு நம்ம இந்தியத் தர விதிகள்லயே எளிய வழி இருந்திருக்கு. ஐ.எஸ். 1904ன்னு அஸ்திவாரத்துக்கான விதி. அதோட பழைய பதிப்புல களிமண்ணுக்குக் கட்டை விரல் சோதனை உண்டு. குழியோட அடியில, கலைக்காத மண்ணுல பண்ணணும். நகத்தால கீற மட்டும் முடியுதுன்னா சதுர மீட்டருக்கு 25 டன் வரைக்கும் எடுத்துக்கலாம். விரலை பலமா அழுத்தினாத்தான் பள்ளம் விழுதுன்னா 15. மிதமா அழுத்தினாலே விழுதுன்னா 10. விரல் பல சென்டிமீட்டர் உள்ளயே போயிடுதுன்னா 5 டன்தான்.

மணலுக்கு விரல் உதவாது. அதுக்கு ஒரு மரக்கட்டை: ரெண்டு அங்குலச் சதுரம், 70 சென்டிமீட்டர் நீளம், நுனி கூர்மை. அதைச் செங்குத்தா நிறுத்தி, 70 கிலோ எடையுள்ள ஆள் முழு எடையையும் வச்சு அழுத்தணும். 20 சென்டிமீட்டருக்கு மேல இறங்கினா அந்த மணல் தளர்ச்சியான மணல்னு கணக்கு. இறுகின நடுத்தர மணல் காஞ்சிருந்தா 25 டன். தளர்ந்த பொடி மணல்னா 10 டன். ரெண்டுமே மணல்தான், ஆனா ரெண்டரை மடங்கு வித்தியாசம்.

அந்த விதிக்குக் கீழ ஒரு குறிப்பு உண்டு. பூட்டிங்கோட அடிமட்டத்துக்குப் பக்கத்துலயோ மேலயோ நீர்மட்டம் வந்தா மணலுக்குச் சொன்ன எண்ணைப் பாதியாக் குறைக்கணும். காரணம் எளிது. தண்ணியில முங்கின மணல் துகள் மிதப்பு விசையால இலேசாயிடுது. துகள்கள் ஒண்ணை ஒண்ணு அழுத்துற அழுத்தம் ஏறக்குறைய பாதியாயிடும். மணலோட பலமே அந்த அழுத்தம்தானே. அதனாலதான் ஐப்பசிக் கிணத்தைப் பத்திக் கேக்கச் சொன்னேன்.

ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். இந்தக் கைச்சோதனை, மனை வாங்கலாமா, எவ்வளவு பயப்படணும்னு தெரிஞ்சுக்க. கம்பி அளவு முடிவு பண்ண இல்ல. குழி எட்டடி வரைக்கும்தான் காட்டும். வீட்டோட சுமை அதுக்குக் கீழயும் போகுது. அங்கதான் போர் போட்டு எடுக்கிற டெஸ்ட் வருது.

எஸ்.பி.டி. எண்ணை எப்படிப் படிக்கிறது

மூணு கால் ஸ்டாண்டு நிறுத்தி, போர் துளைக்குள்ள ஒரு குழாயை இறக்கி, அது மேல 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விடுவாங்க. குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கணும். முதல் 15ஐ விட்டுட்டு, கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குச்சுன்னு எண்ணுவாங்க. அதுதான் எஸ்.பி.டி. எண். மணல்ல 4ல இருந்து 10 வரைக்கும் தளர்ச்சி, 10ல இருந்து 30 நடுத்தரம், அதுக்கு மேல நல்ல இறுக்கம். களியில 4க்குக் கீழன்னா மென்மை, 8 தாண்டினா கெட்டி.

ரிப்போர்ட்டுல கடைசிப் பக்கத்து எஸ்.பி.சி. எண்ணை மட்டும் பாக்காதீங்க. ஒவ்வொரு ஒண்ணரை மீட்டருக்கும் எண் என்னன்னு அட்டவணை இருக்கும். அதை மேல இருந்து கீழ படிங்க. எண் ஏறிக்கிட்டே போனா சந்தோஷம். நடுவுல ஒரு இடத்துல சட்டுனு இறங்குச்சுன்னா அங்க கதை இருக்கு.

எவ்வளவு ஆழம் வரைக்கும் டெஸ்ட் வேணும்? பூட்டிங் எவ்வளவு அகலமோ, அதுல ரெண்டு மடங்கு, பூட்டிங்கோட அடியில இருந்து. ரெண்டு மீட்டர் பூட்டிங்கை ஒண்ணரை மீட்டர் ஆழத்துல வச்சா, அஞ்சரை மீட்டர் வரைக்கும் மண்ணு தெரியணும். அதுக்குக் கீழ சுமை ரொம்பப் பரவி நீர்த்துப் போயிடும்.

ஒரு மனையைக் கணக்குப் போடலாம்

இப்ப ஒரு மனையை எடுத்துக்குவோம். எண்கள் நான் கணக்கு புரியறதுக்காக வச்சது. ஆனா இந்த மாதிரி அடுக்கு வரிசை ஆத்தங்கரையில வரக்கூடியதுதான்.

முப்பதுக்கு நாப்பது மனை. பழைய நஞ்சை. மேல 80 சென்டிமீட்டர் கொட்டின கிராவல். அதுக்குக் கீழ அரை மீட்டர் கறுத்த வயல் சேறு, நெல் வேர் கூட அழுகாம இருக்கு. அப்புறம் 1.3 மீட்டர்ல இருந்து 2.7 வரைக்கும் பொடி மணல், கட்டை 20 சென்டிமீட்டருக்கு மேல இறங்குது, எஸ்.பி.டி. 9. அதுக்குக் கீழ 2.7ல இருந்து 3.9 வரைக்கும் சாம்பல் நிறக் களி, எண் 3. அதுக்கும் கீழ பருமணல், எண் 22. கிணத்துல ஐப்பசித் தண்ணி ஒண்ணரை மீட்டருக்கு வரும்.

வீடு ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர், ஒன்பது காலம், இடைவெளி மூன்றரை மீட்டர். நடுக் காலம் எவ்வளவு சுமக்கும்? அதோட பங்கு ஒரு தளத்துக்குச் சுமார் 12 சதுர மீட்டர். கூரை கான்கிரீட், தரைப் பூச்சு, ஆள் நடமாட்டம் சேத்து கிட்டத்தட்ட 8 டன். சுவர் 6 டன். பீமும் காலமும் 2 டன். ஆக ஒரு தளத்துக்கு 16, ரெண்டு தளத்துக்கு 32. பூட்டிங்கோட சொந்த எடைக்குப் பத்துல ஒரு பங்கு சேத்தா 35 டன்.

மேஸ்திரி சொன்ன நாலடி, 1.2 மீட்டர். அது எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. வயல் சேத்துக்குள்ள! கிராவலைத் தாண்டி, சேத்தையும் தாண்டாம. அதனால குறைஞ்சது ஒண்ணரை மீட்டர் போய் மணல்லதான் உக்காரணும்.

மணல் தளர்ச்சி, அதனால 10 டன். 35 டன்னைப் பத்தால வகுத்தா 3.5 சதுர மீட்டர். 1.9 மீட்டர் சதுரப் பூட்டிங். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐப்பசியில தண்ணி பூட்டிங் மட்டத்துக்கே வருது. பாதியாக் குறைங்க. 5 டன். இப்ப 7 சதுர மீட்டர் வேணும், 2.65 மீட்டர் சதுரம். காலத்துக்குக் காலம் மூன்றரை மீட்டர்தானே? ரெண்டு பூட்டிங்குக்கு நடுவுல மூணடிக்கும் குறைவான இடம்தான் மிஞ்சும். வீட்டுப் பரப்புல பாதிக்கு மேல கான்கிரீட்டாவே இருக்கும்.

இதோட முடியல. கீழ களி இருக்கு. சுமை கீழ போகப் போக ஒவ்வொரு பக்கமும் விரியும். ஒரு மீட்டர் இறங்கினா அகலமும் ஒரு மீட்டர் கூடும்னு தோராயமா வச்சுக்கலாம். பூட்டிங்ல இருந்து 1.2 மீட்டர் கீழ இருக்கிற களிக்குப் போறதுக்குள்ள 2.65 மீட்டர் 3.85 ஆயிடுது. காலங்களோட இடைவெளியே 3.5தான். அதாவது பக்கத்துப் பூட்டிங்கோட சுமையும் இதோட சுமையும் களிக்கு மேல ஒண்ணு சேந்துடுது. நீங்க தனித்தனிப் பூட்டிங் போட்டதாக் களிக்குத் தெரியாது. முழு வீடும் அது மேலதான் உக்காந்திருக்கு.

களி உடையாது. ஆனா மெதுவா, வருஷக்கணக்குல, தண்ணியைப் பிழிஞ்சு விட்டு அமுங்கும். வீடு முழுசும் ஒரே அளவு இறங்கினா பெருசா யாருக்கும் தெரியாது. ஒரு காலம் மட்டும் இறங்கினாத்தான் விரிசல். ஐ.எஸ். 1904 கான்கிரீட் சட்டகத்துக்குக் கொடுக்கிற வரம்பு என்ன தெரியுமா? மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கிற ரெண்டு காலத்துக்கு நடுவுல இறக்க வித்தியாசம் சுமார் 5 மில்லிமீட்டர். அவ்வளவுதான். களி ஒரு மூலையில ஒரு மீட்டர் தடிமனாவும் இன்னொரு மூலையில அரை மீட்டராவும் இருந்தா இந்த 5 மில்லியைத் தாண்டறது கஷ்டமே இல்ல. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியா ஏறுற விரிசல் பாத்திருப்பீங்க. பூச்சுல வர்ற முடி விரிசல் வேற. சாய்வா, ஒரு பக்கம் அகலமா, கதவு இடிக்க ஆரம்பிச்சா, அது பெரும்பாலும் கீழ இருந்து வர்ற சேதி.

அப்ப என்ன போடறது?

இந்த மனைக்கு என் தேர்வு ராஃப்ட். வீடு முழுக்க ஒரே தடிமனான கான்கிரீட் பலகை, எட்டுக்கு எட்டு மீட்டர். வீட்டோட மொத்தச் சுமை சுமார் 130 டன். அதை 64 சதுர மீட்டர்ல பரப்பினா சதுர மீட்டருக்கு 2 டன்தான். பலகையோட எடை, தரையை உயர்த்தப் போடற மண் எல்லாம் சேத்தாலும், தோண்டி எடுத்த மண்ணோட எடையைக் கழிச்சுட்டா, புதுசாக் கூடுறது மூன்றரை டன்னுக்குள்ள நிக்கும். 5 டன் வரம்புக்குக் கீழ. களி அமுங்கத்தான் செய்யும், ஆனா பலகை விறைப்பா இருக்கிறதால எல்லாக் காலமும் சேந்து இறங்கும். எவ்வளவு இறங்கும்னு களியை லேப்ல அமுக்கிப் பாத்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்க.

பைல் போட்டு அடியில இருக்கிற பருமணலுக்கே போயிடலாமேன்னு கேக்கலாம். போகலாம். ஆனா தண்ணி நிறைஞ்ச மணல்ல துளை போட்டா பக்கம் சரியும். கேசிங் குழாயோ, பென்டோனைட் கரைசலோ வேணும். சின்ன வீட்டுக்கு அந்த மெஷினைக் கொண்டு வர்ற செலவே கணக்கைக் கெடுத்துடும். களி இன்னும் தடிமனா இருந்தா மட்டும் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

இதே வீட்டை வேற மண்ணுல வச்சுப் பாருங்க. திருச்சி ஊருக்குள்ள சில இடங்கள்ல கொஞ்சம் தோண்டினாலே சிதைஞ்ச பாறையும் கெட்டி கிராவலும் வந்துடும். 20 டன் கிடைச்சா 1.35 மீட்டர் பூட்டிங் போதும். ராஃப்ட் அங்க வீண் செலவு. அங்க வேற பொறி இருக்கு. ஒரு மூலையில பாறை, இன்னொரு மூலையில கொட்டின மண். பாறை மேல நிக்கிற காலம் அசையாது, மத்தது இறங்கும். எல்லாப் பூட்டிங்கும் ஒரே மாதிரி மண்ணுல உக்காரணும், ஆழம் மாறினாலும் பரவாயில்ல.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கரிசல்னா கதை முழுசா வேற. அது அமுங்கறது மட்டும் இல்ல, மழையில உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான சோதனை உண்டு. காயவச்சு சலிச்ச மண் பத்துப் பத்து கிராம், ரெண்டு அளவு ஜாடி. ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டுப் பாருங்க. மண்ணெண்ணெய்ல மண் உப்பாது. தண்ணியில இருக்கிறது அதைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல உயர்ந்து நின்னா, உஷார். ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதுக்காகவே அடியில குமிழ் மாதிரி விரியுற பைலை வடிவமைச்சது. ஆழத்துல ஈரம் மாறாத மண்ணுல அந்தக் குமிழ் பிடிச்சுக்கும், மேல மண் உப்பினாலும் வீடு தூக்காது.

மேடாக்கறதும் ஒரு சுமைதான்

ஒரு விஷயம் பலர் கணக்குலயே வராது. அந்த 80 சென்டிமீட்டர் கிராவல். அது எடை இல்லாததா? ஒரு கன மீட்டர் சுமார் 1.7 டன். அப்ப சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.4 டன். நம்ம ரெண்டு தள வீடே, அது நிக்கிற பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 2.7 டன்தான். அதாவது மனையை மேடாக்கினதே பாதி வீட்டைக் கட்டின மாதிரி. களி அந்தச் சுமைக்கும் அமுங்கும். போன மாசம் மேடாக்கி, இந்த மாசம் வீடு ஆரம்பிச்சா ரெண்டு அமுக்கமும் சேந்து வீட்டு மேலயே விழும். குறைஞ்சது ஒரு மழைக்காலமாவது மண்ணை அப்படியே விட்டு வைங்க. எப்ப மேடாக்கினாங்கன்னு லேஅவுட்காரங்ககிட்ட தேதி கேளுங்க.

வானம் தோண்டுற அன்னிக்கு

கடைசியா, வேலை ஆரம்பிக்கிற நாள். ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடி, சித்திரை வைகாசியில தோண்டுங்க. கணக்கு ஐப்பசிக்கு, வேலை சித்திரைக்கு. மழைக்காலத்துல தோண்டி மோட்டார் வச்சு இறைச்சா, அடியில ஊத்து கிளம்பி பொடி மணலைத் தூக்கிக்கிட்டு வரும். குழியோட அடி கஞ்சி மாதிரி கொதிக்கும். டெஸ்ட்டுல 9 வந்த மணல் அன்னிக்கு 9ஆ இருக்காது. அப்படி ஆயிட்டா மேல கான்கிரீட் போட்டு மூடாதீங்க. வேலையை நிறுத்தி, இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

குழி தயாரானதும், பி.சி.சி. போடறதுக்கு முன்னாடி அரை நாள் காத்திருந்தாலும் பரவாயில்ல, ஒவ்வொரு மூலையிலயும் இறங்கிப் பாருங்க. ரிப்போர்ட்டுல சொன்ன மணல்தான் நாலு மூலையிலயும் தெரியுதா? எங்கயாவது கறுப்புச் சேறு, நெல் வேர், பழைய கிணத்துக் குழி, செங்கல் உடைசல் தெரியுதா? தெரிஞ்சா அதைச் சுத்தமா எடுத்துட்டு நல்ல மண் வர்ற வரைக்கும் போகணும். போட்டோ எடுத்து, அளவு நாடாவோட வச்சுக்குங்க. மூடினதுக்கு அப்புறம் யாராலயும் பாக்க முடியாத ஒரே வேலை இது.

அந்த பெங்களூர் தம்பிக்கு: மேஸ்திரியோட சண்டை போட வேண்டாம். "அண்ணே, அந்த நாலடி கொட்டின மண்ணுல இருந்தா, வயல் தரையில இருந்தா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டு மூலையில ஜேசிபி விட்டுக் காட்டச் சொல்லுங்க. வயல் சேறு வந்துச்சுன்னா அவரே போர் போடச் சொல்லிடுவார். அவர் பேரும் அந்த வீட்டுலதானே நிக்கப் போகுது.

உங்க மனையில தோண்டினப்ப என்ன அடுக்கு வந்துச்சுன்னு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லுங்க. பாட்டில் சோதனை பண்ணினா போட்டோவும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பிளின்த் பீம் எதுக்கு, எங்கன்னு பேசலாம்.